உங்களுக்குத் தெரியுமா? சத்தமான வீட்டில், கையில் இருக்கும் போனில், சுத்தமான குரல் பதிவு

என் தங்கை மதுரையில், பஸ் போகிற தெருவில் குடியிருக்கிறாள். சமையல் வீடியோ போடுவாள். சமைக்கும்போது பேச மாட்டாள். படம் எடுத்து முடித்த பிறகு விளக்கத்தைத் தனியாகப் போனில் பதிவு செய்து வீடியோவோடு சேர்ப்பாள். புளியோதரைக்கு அவள் பதிவு செய்த மூன்று நிமிட விளக்கத்தைக் கேட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்தது, பின்னால் ஓயாத இரைச்சல் வேறு. ஒலிப்பதிவு வேலையில் இருப்பவன் என்பதால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். புதிதாக எதுவும் வாங்காமல், அதே போனில், அதே மூன்று நிமிடத்தைத் திரும்பப் பதிவு செய்தோம். அன்று செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணங்கள்தான் இந்த வாரத் துணுக்குகள்.

நம் காது ஒதுக்குவதைப் போன் ஒதுக்காது

மின்விசிறி ஓடும் அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அதன் சத்தம் நமக்குக் கேட்பதில்லை. வேண்டிய குரலைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவது மூளையின் வேலை. பல பேச்சுகளுக்கு நடுவே ஒருவர் பேச்சை மட்டும் எப்படிப் பிரித்துக் கேட்கிறோம் என்று காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் 1953-இல் ஆராய்ந்து எழுதினார். மைக்குக்கு அந்தத் திறமை கிடையாது. வந்ததை எல்லாம் அப்படியே வாங்கிக்கொள்ளும்.

அதனால் பேசத் தொடங்கும் முன் ஒரு சோதனை. பேசப்போகும் இடத்தில் போனை வைத்து, ரெக்கார்டரை ஓடவிட்டு, ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருங்கள். பிறகு இயர்போன் மாட்டி, சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். தங்கை கேட்டுவிட்டு, “அண்ணே, எங்க வீட்டுக் கடிகாரம் இவ்வளவு சத்தமாவா ஓடுது?” என்றாள். சுவர்க் கடிகார முள், ஃப்ரிட்ஜின் முனகல், மின்விசிறி, குளியலறைக் குழாயில் சொட்டும் தண்ணீர், தெருவில் போன இரண்டு பைக். அந்த ஒரு நிமிடத்தில் இத்தனையும் இருந்தன. கடிகாரத்தைக் கழற்றி அடுத்த அறைக் கட்டிலில் வைத்தோம்.

வீட்டுச் சத்தம் இரண்டே வகை

ஒன்று, விடாமல் ஓடுவது: மின்விசிறி, ஃப்ரிட்ஜ், ஏசி. இன்னொன்று, வந்து போவது: குக்கர் விசில், நாய், ஹாரன், காய்கறி வண்டிக்காரரின் குரல். முதல் வகையை அணைக்க வேண்டும். இரண்டாவது வகை போகும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி சமாளிக்கப் பார்த்தால் நேரம்தான் வீணாகும்.

ஃப்ரிட்ஜ் கொஞ்சம் ஏமாற்றும். அதன் கம்ப்ரசர் சிறிது நேரம் ஓடும், பிறகு நிற்கும், மறுபடி ஓடும். நின்றிருக்கும் நேரத்தில் தொடங்கினால் பாதி வாசிப்பில் முனகல் வந்து சேரும். அந்தப் பாதியையும் இந்தப் பாதியையும் ஒட்டும்போது ஒட்டிய இடம் அப்பட்டமாகத் தெரியும். பதிவு முடியும்வரை அணைத்துவிடுவது நல்லது. திரும்பப் போட மறந்தால் மாவும் பாலும் கெட்டுப்போகும் என்பதால் ஒலிப்பதிவாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவார்கள். சாவி இல்லாமல் வெளியே போக முடியாது, எடுக்கப் போகும்போது ஃப்ரிட்ஜ் நினைவுக்கு வந்துவிடும். அன்று நானும் அதைத்தான் செய்தேன்.

மின்விசிறியை அணைத்தால் மதுரை வெயிலில் எத்தனை நேரம் தாங்கும்? ஐந்து நிமிடம் பதிவு, ஐந்து நிமிடம் காற்று என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். மூன்று நிமிட விளக்கத்துக்கு அது போதும்.

கை தட்டினால் அறையின் குணம் தெரியும்

கிணற்றுக்குள் பேசுவது போன்ற சத்தத்துக்குப் போன் காரணமல்ல, அறைதான் காரணம். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். சுவர் இரண்டு மீட்டர் தூரத்தில் இருந்தால், குரல் அதில் பட்டுத் திரும்ப நூறில் ஒரு பங்கு வினாடிக்குக் கொஞ்சம் அதிகம்தான் ஆகும். அவ்வளவு வேகமாகத் திரும்புவது தனி எதிரொலியாகக் கேட்காது. மூலக் குரலோடு கலந்து அதைக் கலங்கலாக்கிவிடும். டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை மூன்றும் சேர்ந்த ஹால் இதில் மோசம். குளியலறை அதைவிட மோசம்.

வீட்டில் அறை அறையாகப் போய் ஒரு முறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு ‘ணிங்’ என்று ஒரு வால் நீண்டால் அந்த அறை வேண்டாம். ‘டப்’ என்று அங்கேயே அடங்கினால் அதுதான் உங்கள் ஸ்டூடியோ. தங்கை இதுவரை ஹாலில் உட்கார்ந்துதான் பேசியிருக்கிறாள், அங்கே வெளிச்சம் நன்றாக இருக்குமாம். கட்டில் மெத்தை, தலையணைகள், கொடியில் தொங்கும் துணிகள் எல்லாம் இருக்கும் பின்பக்கப் படுக்கையறையில் தட்டியபோது சத்தம் உடனே அடங்கியது. தெருவுக்கும் அதற்கும் நடுவே இரண்டு சுவர்கள் இருந்தது கூடுதல் லாபம்.

துணி எதிரொலியை உறிஞ்சும், ஹாரனைத் தடுக்காது

பலர் தடுமாறும் இடம் இது. கனமான திரைச்சீலை போட்டால் தெருச் சத்தம் நின்றுவிடும் என்று நினைக்கிறோம். மெத்தை, போர்வை, ஜமுக்காளம் போன்றவை அறைக்குள் பிறந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்புவதைக் குறைக்கும். வெளியிலிருந்து வரும் ஒலியை நிறுத்தக் கனம் வேண்டும்: செங்கல் சுவர், கெட்டியான மரக் கதவு, இடைவெளி இல்லாமல் மூடிய ஜன்னல். சுவரில் ஒட்டும் முட்டை அட்டைக்கு அந்தக் கனம் கிடையாது. எதிரொலியையும் அது பெரிதாக உறிஞ்சாது.

ஒலி இடைவெளி வழியாகத்தான் உள்ளே வழியும். ஜன்னலை மூடி, கதவின் அடியில் இருக்கும் சந்தில் பழைய பெட்ஷீட்டைச் சுருட்டி வைத்தோம். அடுத்த அறை டிவியின் சத்தம் அதிலேயே கணிசமாகக் குறைந்தது. பஸ் ஹாரன் குறையவில்லை. அதற்கு மருந்து நேரம்தான். அவள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் அமைதியாக இருக்கும், அந்த நேரத்தில் தொடங்கினோம். உங்கள் தெருவுக்கும் அப்படி ஒரு நேரம் இருக்கும். ஒலிபெருக்கி கட்டிய திருவிழா நாளில் மட்டும் எந்த உத்தியும் பலிக்காது, வேறு நாள் பாருங்கள்.

துணி அலமாரியைப் பார்த்துப் பேசுங்கள்

குரல் வாயிலிருந்து முன்பக்கமாகத்தான் பலமாகப் போகிறது. எதிரே வெறும் சுவர் இருந்தால் அது குரலை நேராக மைக்குக்கே திருப்பி அனுப்பும். மரக் கதவுள்ள துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் புடவைகளையும் சட்டைகளையும் பார்த்து உட்கார்ந்தால் குரல் துணிக்குள் போய் அடங்கிவிடும். முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையையோ, கொடியில் மடித்துப் போட்ட போர்வையையோ வைத்தால் இரண்டு பக்கமும் சரியாகிவிடும்.

தங்கை வீட்டில் இருந்தது இரும்பு பீரோ. அதன் கதவுத் தகடு குரலோடு சேர்ந்து அதிரும், உள்ளே தொங்கும் சாவி கிணுகிணுக்கும். அதனால் பீரோவுக்கு முதுகைக் காட்டாமலும் முகத்தைக் காட்டாமலும், கட்டிலுக்குக் குறுக்கே உட்காரவைத்தோம். எதிரே இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தினோம். தலையோடு போர்வையை மூடிக்கொண்டு பேசும் வழியும் உண்டு. இரண்டு வரி திருத்தம் என்றால் உதவும். மூன்று நிமிடத்துக்கு வேர்த்துக் கொட்டும், போர்வை உரசும் சத்தமும் பதிவாகும்.

போனுக்கு முகம் கீழே இருக்கிறது

பேசும்போது பலர் போனின் திரையைப் பார்த்துப் பேசுகிறார்கள். குரலை வாங்கும் முக்கிய மைக் பெரும்பாலான போன்களில் அடி விளிம்பில், சார்ஜர் சொருகும் துளைக்குப் பக்கத்தில், ஊசித் துளையாக இருக்கும். மேலேயும் கேமரா பக்கத்திலும் வேறு மைக்குகள் இருக்கலாம். எது வேலை செய்கிறது என்று தெரிய ரெக்கார்டரை ஓடவிட்டு ஒவ்வொரு துளைக்கு அருகிலும் நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். கேட்கும்போது எங்கே சுரண்டியது பெரிதாக விழுகிறதோ அதுதான். அந்தத் துளையைப் போன் உறை மறைக்கிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

போன் மைக் ஏறக்குறைய எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவில் கேட்கும். போனின் முதுகை ஜன்னல் பக்கம் திருப்பினால் சத்தம் குறையும் என்பது நடக்காது. திசையை வைத்துத் தப்பிக்க வழியில்லை என்பதால் தூரம்தான் நம் கையில் இருக்கும் ஆயுதம்.

ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு

தூரம் பாதியானால் மைக்குக்கு நேராக வரும் குரல் 6 டெசிபல் கூடும். அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கும். தங்கை முன்பு போனை டீபாயில் வைத்து, 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்து பேசியிருக்கிறாள். அதை 30 ஆக்கினால் 6 டெசிபல், 15 ஆக்கினால் இன்னொரு 6. ஆக, குரலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே 12 டெசிபல் இடைவெளி கூடியது. ஒரு பைசா செலவில்லாமல் கிடைத்த லாபம் இது. எந்தச் செயலியும் இதைப் போல் குரலைக் கெடுக்காமல் இரைச்சலைக் குறைத்துத் தராது.

அளக்க ஸ்கேல் வேண்டாம். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை விரித்த ஒரு சாண் ஏறக்குறைய 22 செ.மீ. அதற்குக் கொஞ்சம் உள்ளே, 15 முதல் 20 செ.மீ. வரை, நல்ல இடம். அதைவிட நெருங்கினால் எச்சில் சத்தமும் மூச்சும் விழும். ஸ்டூடியோ மைக்கில் நெருங்கினால் குரலுக்குக் கனம் கூடும் என்பதைப் பார்த்து, போனிலும் உதட்டோடு ஒட்டிப் பேசுபவர்கள் உண்டு. அந்தக் கனம் திசை பார்த்துக் கேட்கும் மைக்குகளின் குணம். போனில் அது கிடைக்காது.

‘பு’ என்றால் ஒரு ஊதல்

அவளுடைய முதல் வரி, “புளியைப் பத்து நிமிஷம் வெந்நீர்ல ஊறப்போடுங்க.” ஒரே வரியில் மூன்று இடத்தில் உதடு திறந்து காற்று வெளியேறுகிறது. நேர் எதிரே மைக் இருந்தால் அந்தக் காற்று ‘பொம்’ என்று மோதும். தமிழ்ப் பகரத்தில் காற்று குறைவுதான். ‘ஃப்ரை’, ‘ஃப்ரிட்ஜ்’ போன்ற சொற்களில் பல்லும் உதடும் சேர்ந்து ஊதுவது நீண்ட நேரம் வரும்.

இதற்குத் தூரத்தைக் கூட்ட வேண்டாம், கோணத்தை மாற்றினால் போதும். போனை வாய்க்கு நேராக வைக்காமல், வாயின் ஓரத்துக்குப் பக்கவாட்டில் வையுங்கள். குரல் எல்லாப் பக்கமும் பரவும், காற்று மட்டும் நேராகப் போய்விடும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளங்கையைப் போன் இருக்கும் இடத்தில் வைத்து அந்த வரியைச் சொல்லுங்கள். கையில் காற்றுப் பட்டால் இன்னும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

போனைக் கையில் பிடிக்காதீர்கள்

விரல் நகர்வது ஒவ்வொன்றும் மைக்குக்குள் இடியாக விழும். நான்கைந்து தடித்த புத்தகங்களை அடுக்கி, மேலே மடித்த துண்டைப் போட்டு, அதன் விளிம்பில் மைக் துளை உங்கள் பக்கம் வரும்படி போனை வைத்தால் போதும். துண்டு இரண்டு வேலை செய்கிறது. மேசை வழியாக ஏறும் அதிர்வைத் தடுக்கும், மேசைப் பலகையில் பட்டுத் திரும்பும் குரலையும் குறைக்கும்.

ஏர்பிளேன் மோடு போடுங்கள். நல்ல வாசிப்பின் நடுவே அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம். பதிவுத் தரத்தில் வேவ் அல்லது லாஸ்லெஸ் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் வாய்ஸ் மெமோஸ் அமைப்பில் Audio Quality என்ற இடத்தில் Lossless இருக்கிறது. திரையில் ஓடும் அலை, உரக்கச் சொல்லும் சொல்லிலும் பாதியிலிருந்து முக்கால்வரை ஏறினால் சரி. விளிம்பைத் தொட்டு மட்டையாக வெட்டுப்பட்டால் அந்தச் சொல்லை எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மறுபடி பேச வேண்டியதுதான்.

சத்தத்துக்கு நடுவே பேசினால் குரலே மாறும்

சுற்றிலும் இரைச்சல் கூடினால் நாம் அறியாமலே உரக்கப் பேசுவோம், சுருதியும் ஏறும். எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் விவரித்ததால் இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். பஸ் போகும்போது விடாமல் பேசிவிட்டு, பிறகு இரைச்சலை மட்டும் எடுத்துவிடலாம் என்று நினைப்பது இதனால்தான் பலிக்காது. இரைச்சல் போனாலும் கத்திய குரல் நிற்கும். முந்தைய வரியோடு அது ஒட்டாது.

பஸ் வந்தால் நிறுத்துங்கள். ரெக்கார்டரை அணைக்க வேண்டாம். சத்தம் முழுதாக அடங்கிய பிறகு, இரண்டு வினாடி சும்மா இருந்து, ஒரு முறை கை தட்டுங்கள். பிறகு விட்ட வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள். கைதட்டல் அலையில் ஊசிபோல உயர்ந்து நிற்கும். வெட்டும்போது கோப்பு முழுவதையும் கேட்க வேண்டியதில்லை, ஊசி இருக்கும் இடத்துக்கு நேராகப் போகலாம். அன்று எங்கள் கோப்பில் 11 ஊசிகள் இருந்தன.

தமிழ் வாக்கியத்தை நடுவில் வெட்டக்கூடாது

தமிழில் வினை கடைசியில் வருகிறது. “கடுகு வெடிச்சதும் கடலைப்பருப்பைப் போட்டு நல்லா சிவக்க விடுங்க” என்று சொல்லும்போது குரல் அந்த ‘விடுங்க’வை நோக்கியே போய், அங்கே இறங்கி அமர்கிறது. ‘போட்டு’ வரை ஒரு வாசிப்பும், மீதி இன்னொரு வாசிப்பும் என்று ஒட்டினால் அந்த ஓட்டம் உடையும். கேட்பவருக்கு ஏன் என்று தெரியாது, ஏதோ இடறியது மட்டும் தெரியும்.

அதனால் சொல் தடுமாறினாலும் வாக்கியம் முழுவதையும் திரும்பச் சொல்லுங்கள். அதற்கு முந்தைய வாக்கியத்தையும் ஒரு முறை சொல்லிவிட்டுத் தொடர்ந்தால் வேகமும் சுருதியும் தானாக ஒத்துவரும். முந்தையதை வெட்டும்போது தூக்கிவிடலாம். தங்கை தடுமாறியது ‘கடலைப்பருப்பை’ என்ற சொல்லில். அந்தச் சொல்லை மட்டும் மூன்று முறை சொல்லிப் பதிவு செய்தாள், ஒன்றும் ஒட்டவில்லை. முந்தைய வரியிலிருந்து தொடங்கினாள், முதல் முறையே சரியாக வந்தது.

திருத்தம் இருந்தால் அன்றைக்கே

மறுநாள் காலையில் எடுக்கும் திருத்தம் நேற்றையதோடு அரிதாகவே ஒட்டும். தூங்கி எழுந்த குரல் தடித்திருக்கும், உட்கார்ந்த இடம் ஒரு சாண் நகர்ந்திருக்கும். எனவே போன் இருந்த இடம், உட்கார்ந்த இடம் இரண்டிலும் செல்லோ டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். எழுந்து போகும் முன் முழுப் பதிவையும் இயர்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டால் முனகலும் மூச்சும் தெரியாது.

கடைசியாக, அதே இடத்தில் 20 வினாடி பேசாமல் பதிவு செய்துகொள்ளுங்கள். வாக்கியங்களுக்கு நடுவே வெட்டிய இடங்களில் இந்த அறை ஓசையை நிரப்பினால் வெட்டுத் தெரியாது. வெறும் மௌனத்தை வைத்தால் ஒலி அறுந்து அறுந்து கேட்கும். கணினியில் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கவும் இதுதான் மாதிரி. இந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து Get Noise Profile கொடுத்த பிறகு முழுப் பதிவிலும் குறைக்கலாம். 12 டெசிபலுக்கு மேல் போகாதீர்கள். அளவு மீறினால் குரல் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல் குழையும். இந்தக் கருவி விடாமல் ஓடும் சத்தத்துக்கு மட்டுமே பலன் தரும், ஹாரனுக்கும் குக்கர் விசிலுக்கும் மறுபதிவுதான் வழி.

மூன்று நிமிட விளக்கத்துக்கு அன்று எங்களுக்கு ஏற்பாட்டோடு சேர்த்து 50 நிமிடம் ஆனது. அதில் பாதி அறையைத் தேடவும் மெத்தையை நகர்த்தவும் போனது. இப்போது இடம் தெரிந்துவிட்டதால் அவள் 20 நிமிடத்தில் முடித்துவிடுகிறாள். நீங்களும் அடுத்த பதிவுக்கு முன் மூன்றே வேலை செய்யுங்கள்: ஒரு நிமிட மௌனத்தைப் பதிவு செய்து கேளுங்கள், எல்லா அறையிலும் கை தட்டிப் பாருங்கள், ஒரு சாணுக்குள் வந்து பேசுங்கள். முடிந்ததும் ஃப்ரிட்ஜைப் போட்டுவிட்டு, சாவியை எடுத்துக்கொள்ளுங்கள்.